ஏறியது வீட்டின் விலை, சேமிப்பு அல்ல

கேள்வி: ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்ததில் என் நிகர சொத்து மதிப்பு 40 லட்சத்திலிருந்து 46 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆனாலும் 8 ஆண்டுகள் கழித்து மகளின் படிப்புக்குப் பணம் போதாது என்றே தோன்றுகிறது. பட்டியலை இணைத்துள்ளேன். அடுத்த ஆண்டு எதை மாற்றுவது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. உயர்ந்த 6 லட்சத்தில் 4 லட்சம், 40 லட்சம் என்றிருந்த வீட்டைத் தரகர் சொன்னபடி 44 என்று எழுதியதால் வந்தது. 30,000 சந்தை தந்தது. நிதித் திட்டத்தில் மாதம் 10,000 வீதம் போட்ட 1.2 லட்சத்தையும், கடனில் அடைந்த அசல் 1 லட்சத்தையும் கூட்டி, வைப்புத்தொகையிலிருந்து எடுத்துச் செலவழித்த 50,000ஐக் கழித்தால் கிடைக்கும் 1.7 லட்சம் மட்டுமே உங்கள் உழைப்பில் சேர்ந்தது.

தரகர் வாய்விலையை நம்பாதீர்கள். உங்களை விற்க வைக்க ஒரு விலை சொல்பவர், வாங்குபவரை அழைத்து வரும்போது வேறொன்று சொல்வார். குடியிருக்கும் வீட்டைத் தனி வரியில், பழைய மதிப்பிலேயே எழுதுங்கள். மகள் கல்லூரி சேரும் ஆண்டில் அதை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறுவது என்று குடும்பமாக உறுதியாக முடிவெடுத்திருந்தால் மட்டும் இலக்குக் கணக்கில் சேர்க்கலாம். அப்போதும் மீதிக் கடன், தரகு, வரி, புதிய வீட்டின் விலை அனைத்தும் போக மிஞ்சுவதை மட்டுமே சேர்க்க வேண்டும். "தேவைப்பட்டால் விற்றுக்கொள்ளலாம்" என்பது முடிவு ஆகாது.

காப்பீட்டு பாலிசி இருந்தால் முகவர் காட்டும் முதிர்வுத் தொகையை எழுதாமல், இன்று சரண் செய்தால் கையில் வரும் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கி எழுதுங்கள். அந்த ஒற்றை எண்ணை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிட நிறுவனங்களுக்கு என்ன தயக்கமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படிப்புக்கு ஒதுக்கிய நிதியில் இப்போது 11.5 லட்சம் இருக்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும் என்று அடக்கமாக வைத்தால், அது 8 ஆண்டில் சுமார் 18.3 லட்சமாகும், மாதம் 10,000 தொடர்ந்து போட்டால் மேலும் 12.2 லட்சம் சேர்ந்து 30.5 லட்சம் வரும். சென்ற ஆண்டு நீங்கள் வைத்த 30 லட்ச இலக்குக்கு இது போதும். கட்டணம் ஏறியதால் இந்த ஆண்டு நீங்களே அதை 36 ஆக்கியிருக்கிறீர்கள், பின்தங்கியது இங்கேதான். அதை எட்ட மாதத் தொகை ஏறக்குறைய 14,500 ஆக வேண்டும்.

கூடுதலான 4,500க்காக, நல்ல வருமானம் தரும் என்று ஆண்டு முடிவில் வந்து நிற்பவரின் பேச்சில் நிதியை மாற்றாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தரகு கிடைக்கக்கூடும். வைப்புத்தொகையில் கைவைத்த 50,000 மாதத்துக்கு 4,000க்கும் மேல் ஆகிறது. அது எதற்குப் போனது என்று முதலில் பாருங்கள். மருத்துவம் போல ஒருமுறைச் செலவென்றால் சம்பள உயர்விலிருந்து 4,500ஐ ஒதுக்குங்கள். மாதாமாதம் வரும் பற்றாக்குறை என்றால் அதை அடைக்கும்வரை மாதத் தொகையை உயர்த்தாமல், இலக்கை 30 லட்சத்திலேயே நிறுத்தி, மீதிக்குக் கல்விக் கடனைத் திட்டத்தில் எழுதுங்கள்.