ஆள் கணக்கு வேறு, அட்வான்ஸ் கணக்கு வேறு

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் இருக்கிறது. ஒன்பது பேர் தினக்கூலிக்கு வருகிறார்கள். வாராவாரம் செலவுக்குக் கொடுத்துவிட்டு மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிறேன். ஒவ்வொரு மாசமும் "நான் அவ்வளவு வாங்கல", "அன்னைக்கு நான் வேலைக்கு வந்தேன்" என்று சண்டை வருகிறது. எப்படி எழுதி வைத்தால் இது நிற்கும்?

நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகை, கூலிக் கணக்கு நோட்டு எழுதுகிறேன், அதனால் இந்தச் சண்டை எங்கே பிறக்கிறது என்று தெரியும். கூட்டல் கழித்தலில் யாரும் சண்டை போடுவதில்லை. அன்று சாயங்காலமே எழுதாமல் விட்ட ஒரு கட்டம், யார் கையில் கொடுத்தோம் என்று குறிக்காத ஒரு ஐந்நூறு ரூபாய், இந்த இரண்டில்தான் ஆரம்பிக்கும். மாசக் கடைசியில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுகிற கணக்கை யாரும் நம்பமாட்டார்கள், நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

முதலில் வருகைப் பதிவு. கோடு போட்ட நீள நோட்டில் ஒரு மாசத்துக்கு ஒரு பக்கம், இடது பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். முழு நாளுக்கு 1, அரை நாளுக்கு ½, வராத நாளுக்கு ஒரு கோடு. வராத நாளைக் காலியாக மட்டும் விடாதீர்கள். காலிக் கட்டம் என்றால் ஆள் வரவில்லையா, நீங்கள் எழுத மறந்தீர்களா என்று பத்து நாள் கழித்து உங்களுக்கே தெரியாது, அங்கேதான் "அன்னைக்கு நான் வந்தேன்" நுழைகிறது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். தப்பாகிவிட்டால் பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் எழுதி, அந்த ஆளிடம் அன்றே சொல்லிவிடுங்கள். வெள்ளை மை தடவின பக்கத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும்.

அரை நாள் எது என்பதை முதலிலேயே எல்லோர் முன்னாலும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். நம் மலையில் மழை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் வந்து மண் கொத்த ஆரம்பித்தவரைப் பத்தரைக்கு மழை திருப்பி அனுப்பினால் என்ன கூலி? எங்கள் தோட்டத்தில் வேலையில் கை வைத்துவிட்டால் குறைந்தது அரை நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றால் முழு நாள். உங்களுக்கு வேறு மாதிரி சரிப்படலாம், ஆனால் அது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். பழம் பறிக்கிற காலத்தில் கிலோவுக்குக் கூலி என்றால் எடை போட்ட இடத்திலேயே, மூட்டையைக் கொண்டுவந்தவர் தராசைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாக்கின் எடையைக் கழித்து எழுதுங்கள்.

அடுத்தது அட்வான்ஸ், தலைவலி முழுக்க இங்கேதான். நிறையப் பேர் எல்லாவற்றையும் "அட்வான்ஸ்" என்று ஒரே தலைப்பில் எழுதுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். சந்தைச் செலவுக்கு வாராவாரம் கொடுப்பது அந்த மாசக் கூலியிலேயே கழிய வேண்டிய பணம், அதைச் செலவுப் பணம் என்று தனியாக எழுதுங்கள். பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ மொத்தமாக வாங்குவது மாசாமாசம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டிய கடன், அதற்கு ஆளுக்கு ஒரு தனிப் பக்கம். அந்தப் பக்கத்தில் தேதி, தொகை, யார் கையில் கொடுத்தது, மாசம் எவ்வளவு பிடிப்பது என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ பணம் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். மாசத் தவணையை அப்போதே பேசாவிட்டால், கூலி குறைவான மாசத்தில் நீங்கள் மொத்தமாகப் பிடிக்க, அவர் வீட்டில் அரிசி வாங்கக் காசு இருக்காது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அக்கா அந்த மாசம் 21 முழு நாள், 3 அரை நாள் வந்திருக்கிறார். ஆக 22½ நாள், கூலி 10,125. செலவுப் பணம் நான்கு தடவை: 1,000, 1,000, 500, 1,500. மொத்தம் 4,000. பொங்கலுக்கு வாங்கினதில் பாக்கி 6,000, மாசம் 1,500 பிடிப்பதாகப் பேச்சு. கையில் வர வேண்டியது 10,125-இல் 4,000-மும் 1,500-மும் போக 4,625. பொங்கல் பாக்கி இனி 4,500.

இதில் அந்த 500-ஐப் பாருங்கள். மூன்றாவது வாரம் அந்த அக்கா வரவில்லை, அவர் வீட்டுக்காரர் வந்து "வூட்டுக்கு வேணும்" என்று மேஸ்திரியிடம் வாங்கிப்போனார், மேஸ்திரி அந்த அக்கா பெயரில் எழுதிவிட்டார். மாசக் கடைசியில் அக்கா "நான் வாங்கவே இல்லைங்க" என்கிறார். அவர் சொல்வது நியாயம், பணம் அவர் கைக்கு வரவில்லை. கணவன் மனைவி இரண்டு பேரும் நம்மிடமே வேலை செய்தாலும் இரண்டு கணக்குதான். வாங்கினவர் பெயரில்தான் பற்று எழுத வேண்டும், வாங்கினவர் நம் ஆளே இல்லை என்றால் அக்காவிடம் போனில் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். இந்த மாசம் அந்த 500-ஐ வீட்டுக்காரர் கணக்குக்கு மாற்றினால் அக்காவுக்கு 5,125 போகும். ஜிபேயும் இப்படித்தான். மகன் நம்பருக்கு அனுப்பினால், யார் கேட்டு யார் நம்பருக்குப் போனது என்பதை நோட்டிலும் எழுதுங்கள், போனில் இருக்கிற பதிவு மட்டும் போதாது. கடையில் உங்கள் பெயரில் அரிசி, எண்ணெய் வாங்கிக்கொள்ளச் சொல்வதாக இருந்தால் அதன் தொகையும் அன்றே செலவுப் பணத்தில் ஏற வேண்டும்.

உங்கள் நோட்டில் இருப்பது அவர்களிடமும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சின்னக் கைநோட்டு வாங்கிக் கொடுத்து, வாராவாரம் செலவுப் பணம் கொடுக்கும்போது அந்த வாரத்து நாளையும் வாங்கின பணத்தையும் அதில் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர் வீட்டில் படிக்கிற பிள்ளை ராத்திரி பார்த்துவிடும். தப்பு இருந்தால் அடுத்த வாரமே கேட்டுவிடுவார்கள், ஏழு நாளுக்குள் நடந்தது இரண்டு பேருக்கும் நினைவிருக்கும். அப்புறம், ஒருவர் வாங்கின அட்வான்ஸை இன்னொருவர் முன்னால் படிக்காதீர்கள். செக்ரோல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம், அது புதுச் சண்டை.

மாசம் முடிந்ததும் பாக்கியை அடுத்த பக்கத்தின் முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் புது மாசத்து நாளைக் குறிக்க வேண்டும். பழைய பாக்கி விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பக்கம் திருப்புகிற இடத்தில்தான்.

அட்வான்ஸ் பாக்கியோடு ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போகிறேன் என்றால் நாள் கணக்கைப் பார்த்து, செலவுப் பணத்தைக் கழித்து, மீதிப் பாக்கியை எப்படித் தருவார் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். பாக்கி இருக்கிறது, அதனால் இங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, பாக்கிக்கு வட்டி போடுவது, இதெல்லாம் கூடவே கூடாது. தயவுசெய்து, அட்வான்ஸ் கொடுக்கும்போதே அந்த ஆள் நாலைந்து மாசத்தில் சிரமமில்லாமல் அடைக்கிற அளவுக்குள் கொடுங்கள்.