ஹவுஸ் பில்லில் கையெழுத்துப் போட்டவர் யார்?

“சென்னா இலை 40 சிப்பம் எல்.சி.எல்.லில் தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க் போகிறது. கன்சாலிடேட்டர் தந்த பில் ஆஃப் லேடிங்கில் கப்பல் கம்பெனி பெயரே இல்லை. மாஸ்டர் பில்லைக் கேட்டால் தர மறுக்கிறார்கள். இது செல்லுமா?”

செல்லும். மாஸ்டர் பில்லைத் தராததிலும் தப்பில்லை, அது உங்களுடையதே அல்ல. எல்.சி.எல். என்றால் பலர் சரக்கைக் கன்சாலிடேட்டர் ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவது; உங்கள் சிப்பம் ஏறிய கன்டெய்னரில் வேறு நாலு பேர் சரக்கும் இருக்கும். கப்பல் கம்பெனி அத்தனைக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் பில் போடும். அதில் அனுப்புநர் கன்சாலிடேட்டர், பெறுநர் ஹாம்பர்க்கில் உள்ள அவருடைய ஏஜென்ட். உங்கள் பெயரும் பையர் பெயரும் கன்சாலிடேட்டர் உங்களுக்குத் தந்த ஹவுஸ் பில்லில் மட்டும்தான்.

ஹாம்பர்க்கில் ஏஜென்ட் மாஸ்டரைக் காட்டிக் கன்டெய்னரை எடுப்பார், கிடங்கில் பிரிப்பார். பையர் பேங்கில் பணம் கட்டி ஒரிஜினல் ஹவுஸ் பில்லை வாங்கிக் கொடுத்தால் 40 சிப்பத்தை விடுவிப்பார். அதே பில்லோடு கப்பல் கம்பெனியிடம் போனால் ஒன்றும் நடக்காது; அவர்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே கிடையாது. நீங்கள் ஃப்ரெய்ட் கட்டியும் கன்சாலிடேட்டர் அதைக் கப்பல் கம்பெனிக்குக் கட்டாவிட்டால், கன்டெய்னர் அங்கேயே நிற்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது கையெழுத்துக் கட்டம். அங்கே ‘ஆஸ் கேரியர்’, அதாவது சரக்கைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பாளி, என்று இங்குள்ள கம்பெனியே கையெழுத்திட்டிருந்தால் பொறுப்பு அவர்களுடையது. 1993-ஆம் ஆண்டு பன்முகப் போக்குவரத்துச் சட்டப்படி மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த எம்.டி.ஓ. என்ற பன்முகப் போக்குவரத்து நடத்துநர் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ‘ஆஸ் ஏஜென்ட் ஃபார் தி கேரியர்’ என்று போட்டு வெளிநாட்டுக் கம்பெனி பெயர் இருந்தால், தூத்துக்குடி ஆபீஸ் வெறும் ஏஜென்ட். சரக்கு தொலைந்து போய்விட்டால் அந்த வெளிநாட்டுக் கம்பெனியைத்தான் துரத்த வேண்டும். கேரியர் பெயர் தெளிவாக இல்லாவிட்டால் எல்.சி. என்ற பேங்க் உறுதிக் கடிதத்திலும் சிக்கல்: எல்.சி.களுக்கான பன்னாட்டு விதித் தொகுப்பான யு.சி.பி. 600, 20-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. ஹவுஸ் பில் ஏற்கப்படுமா என்பதை எல்.சி. வாசகத்திலும் பாருங்கள், சிலவற்றில் ஃபார்வர்டர் பில், அதாவது ஹவுஸ் பில், கூடாது என்றே இருக்கும்.

கப்பல் ஃப்ரெய்ட்டைப் பையர் கட்டும் எஃப்.ஓ.பி. முறையில் பையரே கன்சாலிடேட்டரைச் சொல்லியிருந்தால் இன்னும் கவனம் தேவை. ஹாம்பர்க் ஏஜென்டுக்கு வாடிக்கையாளர் பையர்தான். ஒரிஜினல் பேங்கில் கிடக்க, சரக்கு வெளியே போய்விடும் ஆபத்து இங்கேதான். ஃபார்வர்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் முதல் பையர் என்றால் முன்பணம் இல்லாமல் இப்படி அனுப்பாதீர்கள்.

ஹவுஸ் பில் எண்ணைக் கப்பல் கம்பெனி வெப்சைட்டில் போட்டால் ஒன்றும் வராது, கன்டெய்னர் எண் வேண்டும். கொழும்பில் பிரித்து வேறு கன்டெய்னரில் ஏற்றினால் அந்த எண்ணும் மாறும், புதியதைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். இங்கே ஃப்ரெய்ட் ஒன்றுமேயில்லை என்பார்கள். அதை ஹாம்பர்க்கில் பையரிடம் டெஸ்டினேஷன் சார்ஜ் என்று வசூலிப்பார்கள், ஏச்சு உங்களுக்கு வரும். புக்கிங்குக்கு முன்பே அந்தப் பட்டியலை ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, பையருக்கு அனுப்பிவிடுங்கள். சென்னா இலை எடை குறைவு, இடம் அதிகம். கட்டணம் கன மீட்டரில்தான் ஏறும்.