சுற்றுகிறது, ஆனால் கழலவில்லை: இறுகிப்போன ஆயில் ஃபில்டர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஸ்ட்ராப் ரெஞ்சை மாட்டி இழுத்தால் பட்டைதான் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. ஃபில்டர் இம்மியும் அசையவில்லை. இன்னும் பலமாக இழுக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் ரெஞ்சைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். இந்தக் கருவி ஒரு திசையில் மட்டுமே கடிக்கும். கைப்பிடியைக் கழற்றும் திசையில் கொஞ்சம் நகர்த்தியதுமே பட்டையின் வளையம் சுருங்கி ஃபில்டரை இறுக்க வேண்டும். வளையம் தளர்ந்தால் எதிர்ப்பக்கமாக மாட்டியிருக்கிறீர்கள். கழற்றும் திசை என்பது ஃபில்டரின் மூடிய நுனிக்கு நேராக நின்று பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மேலேயிருந்து குனிந்து கையை விட்டு வேலை செய்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். இறுகிய ஃபில்டரை மேலும் இறுக்கிவிடுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

திசை சரியாக இருந்தும் வழுக்கினால் எண்ணெய்ப் படலம்தான் காரணம். பிரேக் கிளீனர் நனைத்த துணியால் ஃபில்டரையும் பட்டையின் உட்புறத்தையும் துடையுங்கள். பட்டையில் ஊறிய எண்ணெயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரேக் கிளீனர் எளிதில் தீப்பற்றும், ஆகவே இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பிறகு சொரசொரப்பான எமரித் தாளில் ஒரு கீற்றை வெட்டி, மணல் பக்கம் இருபுறமும் வெளியே தெரியும்படி மடித்து, ஃபில்டருக்கும் பட்டைக்கும் நடுவே வையுங்கள். ஒரு முகம் தகட்டையும் மறு முகம் பட்டையையும் பிடித்துக்கொள்ளும்.

பட்டை உட்காரும் இடமும் முக்கியம். ஃபில்டரின் டப்பா மெல்லிய தகடு. இன்ஜினை ஒட்டிய விளிம்புக்குள் மட்டுமே கனமான அடித்தட்டு இருக்கிறது. பட்டையை அந்த விளிம்போடு ஒட்டிப் போடுங்கள். நுனிப்பக்கம் போட்டால் டப்பா நசுங்கி முட்டை வடிவமாகும், பிடி போய்விடும்.

கேள்வி: என் பிரச்சினை வேறு. ஃபில்டர் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் இறங்கி வரவே இல்லை. சிறிய கார்தான்.

கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாக்குக்கட்டி எடுங்கள். டப்பாவிலிருந்து இன்ஜின் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். பிறகு இரண்டு முழுச் சுற்று திருப்பி, டப்பாவின் விளிம்புக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். கார் ஃபில்டர்களில் பரவலாக இருக்கும் மரைகளில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு சுற்றில் 3 மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்கே தெரியும், எண்ணெயும் கசியத் தொடங்கும். அப்படியானால் கவலை இல்லை, கையாலேயே கழற்றுங்கள்.

இடைவெளி கூடவில்லை என்றால் டப்பாவை உற்றுப் பாருங்கள். தகட்டில் சாய்வான சுருக்கங்கள் ஓடியிருந்தாலோ, மடித்த விளிம்பில் எண்ணெய் துளிர்த்தாலோ, டப்பா அடித்தட்டிலிருந்து பிய்ந்து தனியாகச் சுற்றுகிறது. அடித்தட்டு இன்ஜினோடு அப்படியே ஒட்டியிருக்கிறது. சுருக்கம் எதுவும் இல்லாமல், தடையே தெரியாமல், ஆட்டத்தோடு சுற்றினால் மரை சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதே நபர்: பார்த்துவிட்டேன். இரண்டு சுற்றுக்குப் பிறகும் இடைவெளி அப்படியே இருக்கிறது. சாய்வாக மூன்று நான்கு மடிப்புகள் விழுந்திருக்கின்றன, விளிம்பில் எண்ணெய் நிற்கிறது.

அப்படியானால் ஸ்ட்ராப் ரெஞ்சின் வேலை முடிந்தது. இனி இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. அந்த விளிம்பு அழுத்தத்தைத் தாங்காது, எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்.

கீழே பாத்திரம் வைத்துவிட்டு, டப்பாவை வெட்டியோ பிய்த்தோ எடுங்கள். தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், தடித்த கையுறை கட்டாயம். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தையும் நடுக்குழாயையும் உருவினால் வட்டமான அடித்தட்டு தெரியும். நடுவில் மரைத்தண்டு, அதைச் சுற்றி சிறு துளைகள். எதிரெதிராக உள்ள இரண்டு துளைகளில் உறுதியான மூக்குக் குறடின் முனைகளை நுழைத்துத் திருப்பிப் பாருங்கள். அசையாவிட்டால் உளியைத் தட்டின் ஓரத்தில், வட்டத்தை ஒட்டிய கோணத்தில் வைத்து, கழலும் திசையில் சிறு சிறு அடியாகத் தட்டுங்கள். சில அடிகளுக்குப் பின் எதிர்ப்பக்கம் மாறுங்கள். உளியின் முனை இன்ஜினின் மழமழப்பான முகத்தை ஒருபோதும் பார்க்கக் கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் புதிய ஃபில்டரும் கசியும். பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் காய்ந்து ஒட்டிய ரப்பர் வளையம்தான். அது விட்டுக்கொடுத்த பிறகு தட்டு கையோடு வந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு அண்ணா? நான் ஒர்க்‌ஷாப்பில் உதவியாளன். இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்பினால் முடிந்தது.

தம்பி, பாதி சரி. வெதுவெதுப்பில் ரப்பர் இளகும், கழற்ற எளிது. ஆனால் ஓடி நின்ற உடனே இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கையால் தொட்டுப் பொறுக்கக்கூடிய சூடு போதும். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். நுனிப்பக்கம் குத்தினால் இறுகிய ஃபில்டரில் தகடு நீளமாகக் கிழியும், அடிக்கு மிக அருகில் குத்தினால் மரைத்தண்டில் இடிக்கும். குத்திய பிறகு கழலவில்லை என்றால் வண்டியை உதவி கிடைக்கும் இடத்துக்கு ஓட்டிப்போகவும் முடியாது. மற்ற எல்லா வழியும் தீர்ந்த பிறகு மட்டும் அதைத் தொடுங்கள்.

கேள்வி: என் காரில் ஃபில்டருக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அதற்கும் இதே எமரித் தாள் முறைதானா?

இல்லை. உங்களுடையது மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும் உட்காரும் வகை. பட்டை போட்டு நெரித்தால் மூடி விரிசல் விடும். மூடியின் தட்டையான முகங்களுக்குப் பொருந்தும் கிண்ண வடிவ ரெஞ்சை வாங்கி, அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இரும்புப் பட்டையா, நைலான் பட்டையா? இரும்புதான் வழுக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அளவு பொருந்தினால் இரும்பு நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு இரும்புப் பட்டையும் குறுகிய விட்ட வரம்புக்குத்தான் ஆகும். ஃபில்டர் அதைவிடச் சிறியதாக இருந்தால் கைப்பிடி கடைசி வரை போய்விடும், வளையம் இறுகாது. ராட்செட்டில் மாட்டும் நைலான் பட்டை பெரும்பாலான அளவுகளுக்குப் பொருந்தும், இடுக்கிலும் நுழையும். என் கை நைலானைத்தான் தேடும். எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்குகள் சிலர் இரும்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

கேள்வி: கழன்றுவிட்டது, ஆனால் நடுவிலிருந்த மரைத்தண்டும் ஃபில்டரோடு வந்துவிட்டது! இன்ஜின் போச்சா?

போகவில்லை. தண்டைக் கழற்றி மரையைப் பாருங்கள். நசுங்கியோ உரிந்தோ இருந்தால் புதுத் தண்டு வாங்குங்கள். நன்றாக இருந்தால் இருபக்க மரையையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, இன்ஜினுக்குள் போகும் முனையில் நடுத்தர வலுவுள்ள மரைப்பசை தடவி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். அது காயும் வரை பொறுங்கள்.

பிறகு விரலால் இன்ஜின் முகத்தைத் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருந்தால் அதன் மேல் புதியது உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் கொட்டும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, முகத்தைத் தொட்ட பிறகு கையால் ஏறத்தாழ முக்கால் சுற்று திருப்புங்கள். ஃபில்டர் பெட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்குவதற்கு ரெஞ்ச் வேண்டாம்.