வகுப்பு மாறினால் போதாது, பெயர்ப்பட்டியலும் மாற வேண்டும்

கேள்வி: பையனை பிளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துட்டோம். இப்போ தமிழ் மீடியத்துக்கு மாத்த முடியுமா? கடைசி தேதி எது?

முடியும். பள்ளியில் தமிழ்ப் பிரிவும் இருந்தால், வருஷத் தொடக்கத்தில் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்தாலே வகுப்பு மாற்றிவிடுவார்கள். ஆனால் வகுப்பு மாறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் குடியாத்தம் பக்கம். என் மகள் பத்தாவது வரை தமிழ் வழி. சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு பிளஸ் ஒன்னில் ஆங்கில வழியில் போட்டேன். இயற்பியல் புரியவில்லை என்று இரண்டு மாதம் அழுதாள். கடிதம் கொடுத்தேன், மறுநாளே தமிழ் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். கையெழுத்து போட்ட நகல் கேட்கத் தோன்றவில்லை.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது சரிபார்க்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. பயிற்று மொழி என்ற இடத்தில் மட்டும் ஆங்கிலம்! மாணவர் விவரங்களைப் பள்ளிக்கல்வித் துறை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் பழைய பதிவை யாரும் மாற்றவில்லை, பட்டியல் அங்கிருந்துதான் போகிறது. "கேள்வித்தாள் ரெண்டு மொழியிலும் வருது, என்ன இப்போ?" என்றார் அலுவலகத்தில் ஒருவர். கேள்வித்தாள் சரிதான் சார், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதே, அதற்குச் சான்று கேட்பார்களே. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழி என்று காட்டவேண்டும். இந்த ஒரு வரியில் அது அடிபட்டுவிடும்.

பட்டியல் இறுதியாகாததால் தலைமையாசிரியரே எமிஸிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் திருத்தினார். பட்டியல் போன பிறகு என்றால் அவர் கடிதத்தோடு தேர்வுத்துறையை நாட வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே கடைசி தேதி என்று நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியல் திருத்த நாட்கள்தான். ஒவ்வொரு வருஷமும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் சுற்றறிக்கையில் சொல்லும், பள்ளியில் கேளுங்கள்.

பாடத்தொகுதி மாற்றுவதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் செய்யுங்கள். வணிகவியலில் எழுத்துத்தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியலில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வணிகவியலிலிருந்து தாமதமாக அறிவியலுக்கு வருபவன் செய்யாமல் விட்ட சோதனைகளை எப்போது செய்வான்?

"அரசுப் பள்ளியில் இப்படித்தான்" என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்: தப்பு என்னுடையதும்தான், நகல் கேட்காதது நான். ஆனால் ஆங்கில வழி என்றால்தான் மதிப்பு என்று வீட்டு வாசலில் வந்து பேசிய சொந்தக்காரர் ஒருவர்கூட, அவள் அழுத இரண்டு மாதத்தில் எட்டிப் பார்க்கவில்லை.