பந்து கோட்டைத் தாண்டியதா: கேமராக்கள் போடும் கணக்கு

கேள்வி: கால்பந்துல பந்து முழுசா கோல் கோட்டைத் தாண்டிச்சான்னு கேமரா வெச்சுப் பார்க்கிற தொழில்நுட்பம் எப்படி முடிவு பண்ணுது?

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் உள்ள ஹாக்-ஐ முறையில், ஒவ்வொரு கோல் பகுதியையும் 7 அதிவேகக் கேமராக்கள் பார்க்கின்றன. ஒவ்வொரு படத்திலும் பந்தைக் கண்டுபிடித்து, பல கோணங்களை இணைத்து அதன் மையம் எங்கே என்று கணினி கணக்கிடுகிறது. பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ. ஆகவே மையம், கோட்டின் வலைப்பக்க விளிம்பைத் தாண்டி 11 செ.மீ.க்கு மேல் போயிருந்தால்தான் கோல். அப்படியானால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்தில் `GOAL` என்று வரும். பந்தின் ஒரு பகுதி மறைந்தாலும் மீதி வளைவை வைத்தே மையத்தைக் கணிக்கலாம்.

சரி, எல்லாக் கேமராவுக்கும் பந்து மறைந்துவிட்டால்? 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் அதுதான் நடந்தது. வில்லா கோல்கீப்பர் நைலண்ட் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குப் பின்னால் போனார். அவரும் ஒரு தடுப்பாட்டக்காரரும் கோல் கம்பமும் சேர்ந்து 7 கேமராக்களுக்கும் பந்தை மறைத்துவிட்டதாக ஹாக்-ஐ விளக்கியது. கடிகாரம் அதிரவில்லை, கோலும் தரப்படவில்லை. ஆட்டம் 0-0. வீடியோ நடுவர் அப்போதே தலையிட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.