வெறும் போட்டோவாக வந்த டிஸ்சார்ஜ் சம்மரி

கேள்வி: நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். பெரியப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சிருக்காங்க. பெரியம்மா டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க, வேற ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன சொல்லணும்?

முதலில் எதையும் விளக்காதீர்கள். பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "பெரியப்பா இப்ப எப்படி இருக்காங்க, எதாவது பண்ணுதா?" என்று கேளுங்கள். பேப்பரை அப்புறம் பார்க்கலாம். பத்தொன்பது வருஷமாக இதய வார்டில் நர்ஸாக இருக்கும் நானே இதைச் செய்யாமல் விட்டேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் சித்தப்பாவுக்கு 63 வயது. திருநெல்வேலிப் பக்கம். இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக், வலது ரத்தக்குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் ராத்திரி, சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, சம்மரியின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கூட ஒரு எழுத்து இல்லை. நான் கோயம்புத்தூரில் டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். சாப்பிடக்கூட இல்லை. அக்கறையோடு வரிவரியாகப் படித்து, பதினொரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். எந்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் என்றால் என்ன, எந்த மாத்திரை எதற்கு என்று எல்லாமே அதில் இருந்தது. "சரிக்கா, தேங்க்ஸ்க்கா" என்று பதில் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துச் சித்தி அழுதுகொண்டே கூப்பிட்டார். சித்தப்பா பாத்ரூமில் கண் இருட்டி விழுந்துவிட்டார். வீடியோ காலில் தம்பியை மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு முழு நிமிஷம் எண்ணச் சொன்னேன். 44. "தினமும் காலையில அப்பா முழுங்குற மாத்திரை அத்தனையும் தட்டுல வச்சுக் காட்டு" என்றேன். புது மாத்திரைகளோடு, எவர்சில்வர் டப்பாவில் இருந்த பழைய பிரஷர் மாத்திரையும் வந்தது. அது அட்டனலால் 50. ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதியது மெட்டோப்ரோலால். பிராண்டு பெயர்கள் வேறு, அட்டையின் நிறமும் வேறு, ஆனால் இரண்டும் ஒரே வகை மருந்து. இரண்டுமே இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பவை. ஐந்து நாளாக இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார்.

சம்மரியின் கடைசிப் பக்கத்தில் இருந்த அவசர எண்ணுக்குப் பேசச் சொன்னேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். ஈசிஜி எடுத்து, அட்டனலாலை நிறுத்தி, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நாடி 62. இப்போது நன்றாக இருக்கிறார்.

தம்பியிடம் கோபமாகத்தான் கேட்டேன், தலை சுற்றுவதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. "தலை சுத்துதுன்னுதான்க்கா அனுப்பினேன். பேப்பரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு நினைச்சேன்" என்றான். அந்தப் பதில் இன்னும் எனக்கு வலிக்கிறது. அவனுக்கு அந்த பேப்பரே ஒரு கேள்வி. அப்பா பிழைத்துக்கொண்டாரா, இப்போது நடப்பது சரியா, நாங்கள் எதையாவது தப்பாகச் செய்கிறோமா என்பதையெல்லாம் வாயால் சொல்லப் பயந்துதான் போட்டோவாக அனுப்பியிருக்கிறான். நான் பேப்பருக்கு மட்டும் பதில் சொன்னேன்.

இத்தனைக்கும் விடை பேப்பரிலேயே இருந்தது. முதல் பக்கத்தில், பழைய நோய்களைச் சொல்லும் வரியில், பிரஷருக்கு அட்டனலால் 50 எடுத்துவருகிறார் என்று தெளிவாக டைப் செய்திருந்தார்கள். கடைசிப் பக்க மருந்துப் பட்டியலில் அட்டனலால் இல்லை. நிறுத்தவும் என்று எழுதவில்லை, தொடரவும் என்றும் எழுதவில்லை. டாக்டர் மனதில், பட்டியலில் இல்லாதது நின்றுவிட்டது என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்களுக்கு, யாரும் நிறுத்தச் சொல்லாதது தொடர்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கத்தையும் படித்த நான் இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதனால் பெரியப்பாவின் சம்மரியில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். பழைய மருந்துகளின் வரியையும் கடைசிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது ஒவ்வொன்றும் தொடர்கிறதா, மாறியிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பாருங்கள். எந்த மருந்துக்கு விடை இல்லையோ அதைக் குறித்துவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால் அதையும் கேளுங்கள். ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் காரணமாகச் சிலருக்கு அதைச் சில நாள் நிறுத்திவைப்பார்கள், எப்போது திரும்பத் தொடங்குவது என்று எழுத விட்டுப்போகும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் உள்ள பிராண்டை விட்டுவிட்டு, மருந்தின் உண்மைப் பெயரைப் படியுங்கள். அட்டனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் என்று "லால்" என முடியும் பெயர்கள் இரண்டு இருந்தால் உடனே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

"ஒரு நர்ஸ் மருந்தை நிறுத்தச் சொல்லலாமா" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தியது டூட்டி டாக்டர். இந்த வகை மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியே திரும்ப வரலாம், அதனால் நீங்களும் சொல்லாதீர்கள். கேட்க வைப்பதுதான் நம் வேலை.

அடுத்து, மருந்துக்கு எதிரே "15 நாள்" என்று போட்டிருக்கும். இதை நான் வார்டில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அது மறுபரிசோதனைக்கு வரும் வரை வாங்க வேண்டிய அளவு, அதோடு மருந்து முடிந்துவிடாது. காய்ச்சல் மாத்திரை பழக்கத்தில், பதினைந்து நாளில் கோர்ஸ் முடிந்தது என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரலார் என்ற இன்னொன்றும் இருக்கும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை இவை. உறையும் ஆபத்து முதல் மாதத்தில்தான் மிக அதிகம். அட்டாக் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் வரை இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பெரியம்மாவிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டில் ஈஎஃப் என்று ஒரு எண் இருக்கும். சித்தப்பாவுக்கு 45 சதவீதம். தம்பி அதைப் பார்த்து, பாதி இதயம் போய்விட்டது என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறான். இதயம் ஒரு தடவை சுருங்கும்போது, அதில் நிறைந்த ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும், 100 யாருக்கும் கிடையாது. 45 என்றால் கொஞ்சம் குறைவு. அட்டாக் வந்த புதிதில் தசை சோர்ந்து கிடக்கும், சில வாரம் கழித்து எக்கோ எடுத்தால் பலருக்கு ஏறியிருக்கும். பெரியப்பாவின் எண் 30 பக்கம் இருந்தால் ஆறுதலுக்காகப் பூசி மெழுகாதீர்கள். மறுபரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதியிருந்தால் அதையும் விளக்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பிரிக்காமலேயே கிடக்கும். நெஞ்சு வலி வந்தால் உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். ஐந்து நிமிஷத்தில் வலி விடவில்லையென்றால் 108.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்ப வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று என்ன நடக்கிறது தெரியுமா? காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்பார். நோயாளி சட்டை மாற்றி உட்கார்ந்துவிடுவார். அப்புறம் இன்சூரன்ஸ் ஒப்புதலுக்காகச் சாயங்காலம் வரை காத்திருப்பு. கேஷ்லெஸ் டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது, ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனவர்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். காலையில் விஷயம் தெரிந்த நர்ஸ் ஷிப்ட் முடிந்து போயிருப்பார். புதிதாக வந்தவர் கையெழுத்து வாங்கி, பையைக் கொடுத்து, ஐந்து நிமிஷத்தில் அனுப்புவார். வாசலில் ஆட்டோ நிற்கும். அந்த ஐந்து நிமிஷத்தில், வாழ்நாளில் இங்கிலீஷ் படிக்காத ஒரு அம்மாவிடம் நான்கு பக்கம் இங்கிலீஷில் கொடுக்கிறோம். மருந்துப் பட்டியலை மட்டுமாவது தமிழில் அடித்துக் கொடுக்கலாம் என்று நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். சாஃப்ட்வேரில் இடமில்லை என்றார்கள். எட்டு மருந்துக்குத் தமிழில் எட்டு வரி எழுத என்ன சாஃப்ட்வேர் வேண்டும்? நான் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா ஒரு பக்கம்தான் அனுப்பியிருந்தால் எல்லாப் பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். மருந்துப் பட்டியல் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். படிப்பை இன்னும் முடிக்கவில்லை, நான் எப்படி என்று தயங்க வேண்டாம். தெரியாததை "கேட்டுச் சொல்றேன் பெரியம்மா" என்று சொன்னால் போதும். காலை, மதியம், ராத்திரி என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள், பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் அதற்கு முன்னால், இன்று ராத்திரி மாத்திரை கொடுப்பதற்குள் ஒரு தடவை கூப்பிட்டு, பெரியப்பாவுக்குத் தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.