முதலில் கட்டில், பிறகுதான் தொட்டில்

கேள்வி: எங்கள் பிளாட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது. இன்னும் நான்கு மாதத்தில் குழந்தை பிறக்கும். முதலில் குழந்தைக்கு, பிறகு படிப்பறை, கடைசியில் விருந்தினர் அறை என்று திட்டம். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலவு செய்யாமல் என்னென்ன வாங்கலாம்?

பதில்:

எங்கள் மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நீங்கள் சொன்ன மூன்று வேடங்களையும் எங்கள் வீட்டு அறை போட்டு முடித்துவிட்டது. அதில் முதல் வருடமே ஒன்று புரிந்தது. நம் வீடுகளில் விருந்தினர் கடைசியில் வருவதில்லை, குழந்தையோடு சேர்ந்தே வந்துவிடுவார்கள். பிரசவம் முடிந்த கையோடு என் மாமியார் வந்து ஐந்து மாதம் இருந்தார். குழந்தைக்கு இரவில் பசிக்கும்போது உட்கார ஓர் இடம், அவர் படுக்க ஓர் இடம், இரண்டும் அன்றே தேவைப்பட்டன.

நான் அதற்குள் கடையில் பார்த்து மயங்கி, குழந்தைக் கட்டிலும் டயபர் மாற்றும் மேசையும் சேர்ந்த ஒரு செட்டை வாங்கியிருந்தேன். மரம் மாதிரித் தெரியும் அழுத்திய பலகை அது. குளிப்பாட்டிய ஈரத்துணியை மேலே போட்டுப் போட்டு ஓரங்கள் உப்பிவிட்டன. கழற்றி மாட்டியபோது ஸ்க்ரூ பிடிக்கவில்லை. குழந்தை பெரும்பாலும் தூங்கியது ஸ்டாண்டில் கட்டிய சேலைத் தூளியில். செட் பழைய சாமான் கடைக்குப் போனது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது பெரியவர் படுக்கும் கட்டில். ஆறேகால் அடி நீளம், நான்கு அடி அகலம். அறையில் மிகப் பெரிய பொருள் அதுதான் என்பதால் அதன் இடத்தை முடிவு செய்துவிட்டால் மற்றவை தானாக இடம் கண்டுபிடித்துக்கொள்ளும். எங்கள் அறை உள்ளளவு டேப் பிடித்துப் பார்த்தால் 9 அடி 8 அங்குலம்தான். கதவு தெற்குச் சுவரின் மேற்கு மூலையில், ஜன்னல் வடக்குச் சுவரில். வடக்கே தலை வைத்துப் படுக்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே கிழக்குச் சுவரை ஒட்டி, தெற்கே தலைமாடு. கால்மாட்டுக்கு அப்பால் 3 அடி 5 அங்குலம் மிஞ்சியது. 3 அடி அகல இரும்பு பீரோ அதில் உட்கார்ந்துவிட்டது. ஜன்னலடியில் மேற்கு ஓரமாக மேசைக்கு இடம். நடு அறை காலி. அங்கேதான் முதலில் தூளி ஸ்டாண்ட் நின்றது, பிறகு அவள் விளையாடினாள், இப்போது விருந்தினர் பெட்டியைத் திறந்து வைக்கிறார்கள்.

கட்டில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது போல்ட்-நட்டில் கழன்று வரவேண்டும். மெத்தையைத் தூக்கினால் அடியில் பெட்டி திறக்கும் ஹைட்ராலிக் கட்டில் சேமிப்புக்கு நல்லதுதான், ஆனால் இப்படி மாறப்போகிற அறைக்கு வேண்டாம் என்பேன். நகர்த்தவே முடியாத கனம். எங்கள் மகள் புரள ஆரம்பித்ததும் கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, ஏறக்குறைய ஒரு வருடம் மெத்தையைத் தரையில் பாய்மேல் போட்டோம். அப்படிப் போட்டால் வாரம் ஒருமுறையாவது மெத்தையைச் சுவரில் சாய்த்து அடிப்பக்கத்துக்குக் காற்று காட்ட வேண்டும். நாங்கள் மழைக்காலத்தில் மறந்தோம். முதலில் ஒரு புழுங்கல் வாடை, தூக்கிப் பார்த்தால் கரும்புள்ளிகள். இன்று அதே கட்டிலில் மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 19 அங்குலம். மூட்டுவலி உள்ள மாமியார் பாதத்தைத் தரையில் ஊன்றி எழ முடிகிறது. அதைவிடத் தாழ்வாக இருந்தால் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

தூளிக்குக் கூரையில் கொக்கி வேண்டுமா என்று கேட்பீர்கள். கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டிவிட்ட கொக்கி இருந்தால் சரி. பிறகு துளைபோட்டு இறுக்கிய போல்ட், தினமும் ஆடி ஆடித் தளரக்கூடியது. மின்விசிறி மாட்டும் கொக்கியைத் தொடவே வேண்டாம். குழந்தை புரளவோ எழுந்து உட்காரவோ முயன்றால் அன்றோடு தூளியை மடித்து வைத்துவிடுங்கள்.

அடுத்து மேசை. இங்கேதான் இரண்டாவது முறை ஏமாந்தேன். அவள் ஒன்றாம் வகுப்பு போகும்போது ஆசாரியை வைத்து, அவள் உயரத்துக்கு 22 அங்குலத்தில், சுவரோடு சேர்த்து அடித்து ஒரு மேசை செய்தோம். ஐந்தாம் வகுப்பில் முட்டி இடித்தது. பிடுங்கியபோது பூச்சும் சேர்ந்து வந்தது. பிறகு வாங்கியது சாதாரணமாகத் தனியே நிற்கும் மேசை, 4 அடிக்கு 2 அடி, உயரம் 30 அங்குலம். அதாவது பெரியவர் மேசை. முதல் நாளிலிருந்தே இதை வாங்கியிருக்கலாம். மேசை அப்படியே இருக்கட்டும், குழந்தையை உயர்த்த வேண்டும். உயரம் மாற்றும் நாற்காலியை முழுக்க ஏற்றி, போதாவிட்டால் கெட்டியான குஷன் ஒன்று. தொங்கும் கால்களுக்கு அடியில் ஓர் அடி உயர முக்காலி. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான்: எழுதும்போது தோள் மேலே தூக்கிக்கொள்ளக் கூடாது, முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும், பாதம் முழுதும் ஊன்றியிருக்க வேண்டும். வளர வளர நாற்காலியை இறக்கலாம். முக்காலிக்குப் பதில் மணைப்பலகை போதும், கடைசியில் அதுவும் தேவைப்படாது.

மேசைக்குப் பக்கத்துச் சுவரில் துளைவரிசை உள்ள இரும்புச் சேனல் மூன்றை இரண்டடி இடைவெளியில் பதித்து, பிராக்கெட் மாட்டி பலகை போட்டோம். குழந்தை தவழும்போது கீழ்ப் பலகைகளைக் கழற்றி வைத்தோம், பாடப்புத்தகம் வந்ததும் திரும்ப மாட்டினோம். இடைவெளியை மட்டும் கூட்டாதீர்கள். புத்தகக் கனத்தில் நீளமான பலகை நடுவில் தொய்ந்துவிடும், தொய்ந்தது நிமிராது.

பீரோவின் தலையை எல்-ஆங்கிள் வைத்துச் சுவரோடு இறுக்குங்கள். இழுப்பறை உள்ள அலமாரி என்றால் இன்னும் அவசியம். குழந்தைகள் இழுப்பறைகளை இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஏறுவார்கள், மொத்தமும் முன்னால் சாயும்.

பணம் கொஞ்சம் அதிகமாகப் போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்வது மின்வேலைக்குத்தான். சாமான்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சுவரை உடைப்பதுதான் தொல்லை. தலைமாட்டில் ஒரு பிளக்கும் ஒரு ஸ்விட்சும் இருக்கட்டும், அந்த ஸ்விட்ச் கதவருகே உள்ளதோடு சேர்ந்து வேலை செய்யும் டூ-வே ஆக இருக்க வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் விளக்கை அணைக்கவும், இரவில் எழும் முதியவர் இருட்டில் தடவாமல் இருக்கவும் அதுவே போதும். மேசைமட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே இரண்டு பிளக். ஏசி இப்போது வாங்காவிட்டாலும் அதற்கான தனி வயரும் தனி எம்சிபியும் போட்டுவிடுங்கள். தாழ்வான பிளக்குகள் எல்லாம் உள்ளே தடுப்புள்ள ஷட்டர் வகையாக இருக்கட்டும். பெயின்ட் அடிப்பது, ஆணி அடிப்பது எல்லாம் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே முடித்து, ஜன்னலைத் திறந்து போட்டு வாடை போக விடுங்கள். புதுப் பிளைவுட் என்றால் இன்னும் அதிக நாள் பிடிக்கும்.

அப்புறம், தள்ளுபடி என்று மெத்தையை முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள். 72 அங்குல நீளத்திலும் வருகிறது, 75-லும் வருகிறது. கட்டில் வந்ததும் உள்ளளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.